வரவுக் கொப்பியில் 47.85 வந்தது எப்படி?

"பரந்தனில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன். சாமான் ஏற்றி இறக்கும் தம்பி வந்த நேரமும் போன நேரமும் தன் கையாலேயே கொப்பியில் எழுதுவான். போன கிழமையைக் கல்குலேட்டரில் கூட்டினால் 47.85 வருகிறது, அவனோ 49க்கு மேலே என்கிறான். வெள்ளிக்கிழமை போனது 5.15ஆ 6.15ஆ என்றும் விளங்கவில்லை, 6.15 என்று வைத்துத்தான் கூட்டினேன். ஓவர்டைம் எவ்வளவு கொடுப்பது? பக்கத்தின் படம் அனுப்பியிருக்கிறேன்."

முதலில் வெள்ளிக்கிழமையைப் பார்ப்போம். விளங்காத இலக்கத்தை அதே ஆள் அதே பக்கத்தில் தெளிவாக எழுதிய இலக்கத்தோடு ஒப்பிட வேண்டும். திங்கள் 5.30இல் அவன் 5க்கு மேல்கோட்டைத் தனியாக இழுத்திருக்கிறான். வியாழன் 6.40இல் 6 ஒரே இழுப்பில் கீழே சுழிந்து நிற்கிறது. வெள்ளிக்கிழமை இலக்கத்தில் மேல்கோடு இல்லை, அதனால் நானும் 6 என்றே வாசிக்கிறேன். ஆனால் கையெழுத்தை மட்டும் நம்பிச் சம்பளம் போடாதீர்கள். அன்று பின்னேரம் சீமெந்து லொறி வந்திருந்தால், இறக்கி முடித்த நேரம் டெலிவரி நோட்டில் இருக்கும். கடைசி பில்லையும் பாருங்கள். பிறகு தம்பியிடமே கேளுங்கள். பழைய இலக்கத்தின் மேல் எழுத வேண்டாம். பக்கத்தில் சரியானதை எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள்.

சரி, 6.15 என்றே வைத்து, சனி தவிர்ந்த நாட்களில் மதியச் சாப்பாட்டுக்கு 1 மணித்தியாலம் கழித்தால் இப்படி வரும்:

| நாள் | வந்தது | போனது | வேலை நேரம் |
|---|---|---|---|
| திங்கள் | 8.00 | 5.30 | 8.30 |
| செவ்வாய் | 7.50 | 5.45 | 8.55 |
| புதன் | 8.10 | 5.00 | 7.50 |
| வியாழன் | 8.00 | 6.40 | 9.40 |
| வெள்ளி | 8.05 | 6.15 | 9.10 |
| சனி | 8.00 | 1.00 | 5.00 |

நீங்கள் நாள் கணக்கைச் சரியாகத்தான் எடுத்தீர்கள், பிழை கூட்டலில். கொப்பியில் 8.30 என்றால் எட்டரை மணித்தியாலம். கல்குலேட்டருக்கு அந்தப் புள்ளி தசமப் புள்ளி, அது 100 சேர்ந்தால்தான் ஒன்றை மேலே ஏற்றும். மணித்தியாலத்தையும் நிமிடத்தையும் தனித்தனியே கூட்டுங்கள்: 46 மணித்தியாலம், 185 நிமிடம். 185 நிமிடம் 3 மணித்தியாலமும் 5 நிமிடமும். ஆகவே மொத்தம் 49 மணித்தியாலம் 5 நிமிடம். தம்பி சொன்னது சரி.

இதை இன்னொரு வழியால் சரிபார்க்காமல் நான் கொப்பியை மூடுவதில்லை. போன நேரங்களை 24 மணி முறையில் மாற்றி (5.30 என்பது 17.30) நேர்கீழாகக் கூட்டினால் 102 மணித்தியாலம் 10 நிமிடம். வந்த நேரங்கள் 48 மணித்தியாலம் 5 நிமிடம். வித்தியாசம் 54.05, அதில் ஐந்து நாள் சாப்பாட்டு நேரம் 5 மணித்தியாலம் போக 49.05. இரண்டு வழியும் ஒன்றாக வந்துவிட்டது. ஆனால் இது கழித்தலையும் கூட்டலையும்தான் சரிபார்க்கும். வெள்ளிக்கிழமையைப் பிழையாக வாசித்திருந்தால் இரண்டு வழியுமே ஒரே பிழையைத்தான் சொல்லும், அதனால்தான் டெலிவரி நோட்டைத் தேடச் சொன்னேன். இரு விடைகளும் ஒத்து வராதபோது, வித்தியாசம் சரியாக 60 நிமிடம் என்றால் பெரும்பாலும் எங்கோ ஒரு மணி இலக்கம் மாறியிருக்கும். 40 நிமிடம் என்றால் புள்ளியைத் தசமமாக எடுத்த பிழையைத் தேடுங்கள்.

இனி ஓவர்டைம். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி (1954இன் 19ஆம் இலக்கம்) சாதாரண வேலை நேரம் சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. எட்டுக்கு மேற்பட்டது திங்கள் 30 நிமிடம், செவ்வாய் 55, வியாழன் 100, வெள்ளி 70. எல்லாமாக 255 நிமிடம், அதாவது 4 மணித்தியாலம் 15 நிமிடம். கிழமைக் கணக்கில் 49.05இல் 45 கழித்தால் 4.05தான் வரும். இந்த 10 நிமிட வித்தியாசத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். புதன்கிழமை அவன் 10 நிமிடம் பிந்தி வந்தான், அதுதான். நாள் ஓவர்டைமில் குறைந்த நிமிடங்களைக் கழித்தால் கிழமை மிகுதியோடு ஒத்துப்போக வேண்டும், இங்கே ஒத்துப்போகிறது. வியாழக்கிழமை உழைப்பை வைத்துப் புதன்கிழமைப் பிந்தலை அடைப்பது நியாயமில்லை. நான் 4.15க்கே காசு கொடுப்பேன். கிழமைக்கு 12 மணித்தியாலம் என்ற ஓவர்டைம் எல்லைக்கும் இது உள்ளேதான் நிற்கிறது.

காசு கணக்குக்கு வரும்போது மட்டும் நிமிடத்தைத் தசமமாக மாற்றுங்கள்: 15ஐ 60ஆல் வகுத்தால் 0.25, ஆகவே 4.25. மணித்தியாலக் கூலி 200 ரூபா என்று வைப்போம். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு 300 ரூபா. 4.25 × 300 = 1,275 ரூபா. அதே இடத்தில் 4.15 என்று அடித்திருந்தால் 1,245தான் வரும், தம்பிக்கு 30 ரூபா குறைந்திருக்கும்.