பில் உங்கள் பெயரில் இருந்தால் வாலட் உங்களுடையது ஆகிவிடுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருஷமாக ஒரு இந்திய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக 2,10,000 ரூபாய்க்கு ஈதர் வாங்கினேன். இப்போது மதிப்பு சுமார் 3,40,000. எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைக்கப் பயந்து ஒரு ஹார்டுவேர் வாலட் வாங்கினேன். கோயமுத்தூரில் இருக்கும் மச்சான் (மனைவியின் தம்பி) செட் பண்ணிக் கொடுத்தான். 24 வார்த்தைகளை அவனே பத்திரமாக வைத்திருக்கிறான். அந்த வாலட்டுக்கு ஈதரை அனுப்பப் போனால் 19 நாளாக `Under Review` என்றே நிற்கிறது. வாலட் உங்களுடையது என்று நிரூபியுங்கள் என்கிறார்கள். என் பெயரில் இருக்கும் பில்லும், வாலட்டைக் கையில் பிடித்த செல்ஃபியும் அனுப்பினேன், ஏற்கவில்லை. என் காசை நான் எடுக்க இவர்கள் யார் தடுக்க? நோட்டீஸ் விடலாமா?

பதில்: நோட்டீஸ் விடலாம், ஆனால் இப்போது வேண்டாம். இன்றைக்கு நோட்டீஸ் போனால், உங்கள் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் சொல்லியிருக்கும் ஒரு வரியே உங்களுக்கு எதிராக நிற்கும். 24 வார்த்தைகள் மச்சானிடம் இருக்கின்றன என்ற வரிதான் அது.

கிரிப்டோ வாலட்டுக்குப் பட்டாவும் கிடையாது, ஆர்சி புக்கும் கிடையாது. அந்த முகவரியில் யார் பெயரும் எழுதியிருக்காது. அதை இயக்கும் ரகசியச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் நடைமுறையில் உடைமையாளர். அந்த 24 வார்த்தைகளிலிருந்துதான் சாவியே உருவாகிறது. கருவி உங்கள் பீரோவில் கிடந்தாலும், வார்த்தைகளை வைத்திருப்பவர் வேறொரு கருவியில் அவற்றைப் போட்டு மொத்த ஈதரையும் நகர்த்திவிட முடியும். பில்லும் செல்ஃபியும் நீங்கள் ஒரு கருவி வாங்கியதைத்தான் காட்டுகின்றன. நீங்கள் கொடுத்த முகவரி அந்தக் கருவியில்தான் இருக்கிறது என்றோ, அதன் சாவி உங்களிடம் இருக்கிறது என்றோ அவை காட்டவில்லை. அதனால்தான் ஏற்கவில்லை. இந்த இடத்தில் எக்ஸ்சேஞ்ச் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இவர்கள் யார் கேட்க என்கிறீர்கள். 2023 மார்ச் 7ஆம் தேதி மத்திய நிதி அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளும் வங்கிகளைப் போலவே பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. நிதிப் புலனாய்வுப் பிரிவிடம் அவை பதிவு செய்துகொள்ள வேண்டும், சந்தேகப் பரிவர்த்தனைகளை அதற்குத் தெரிவிக்க வேண்டும். அனுப்புபவர் யார், பெறுபவர் யார் என்று பதிந்து வைப்பதும் அவற்றின் கடமை. இன்னொரு எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினால் பெறுபவரின் விவரம் அந்தப் பக்கத்திலிருந்து கிடைத்துவிடும். தனியார் வாலட்டுக்குப் போகும்போது மறுமுனையில் கேட்க ஆளில்லை, ஆகவே உங்களிடமே கேட்கிறார்கள். கேட்பதற்கு அதிகாரம் உண்டு. பதில் கொடுத்த பிறகும் காரணம் சொல்லாமல் காலவரையின்றி வைத்திருக்க அதிகாரம் உண்டா என்பது வேறு விஷயம். உங்கள் வழக்கு அங்கேதான் தொடங்கும், ஆனால் நீங்கள் இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

அப்படியானால் முதல் வேலை, வாலட்டை உண்மையிலேயே உங்களுடையதாக்குவது. மச்சான் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் "இந்த முகவரி என் தனிக் கட்டுப்பாட்டில் உள்ளது" என்று நீங்கள் உறுதிமொழி கொடுத்தால் இன்றைய நிலையில் அது பொய். நாளைக்கு அந்த வாலட்டில் அவர் ஏதாவது வில்லங்கமான பணத்தை வாங்கிப் போட்டால், பதிவேட்டில் உடைமையாளராக இருப்பது உங்கள் பெயர். கணக்கை மூடிவிட்டாலும் அந்தப் பதிவை எக்ஸ்சேஞ்ச் 5 வருஷம் வைத்திருக்கும்.

கருவியில் இப்போது எதுவும் இல்லை என்பதால் இதைச் செய்வது எளிது. கருவியை ரீசெட் செய்து, நீங்களே தனியாக உட்கார்ந்து புதிதாக 24 வார்த்தைகளை உருவாக்குங்கள். பேப்பரில் எழுதுங்கள், போனில் படம் எடுக்காதீர்கள், மச்சான் உட்பட யாரிடமும் காட்டாதீர்கள். வார்த்தைகள் மாறியதும் முகவரியும் மாறிவிடும். பழைய வித்ட்ராவலை ரத்து செய்யச் சொல்லிப் புது முகவரியைக் கொடுங்கள். விசாரணை நடக்கும்போது முகவரியை மாற்றினால் சந்தேகம் வருமே என்று நினைப்பீர்கள். காரணம் சொல்லாமல் மாற்றினால் வரத்தான் செய்யும். "பழைய வாலட்டை அமைத்தவர் உறவினர், வார்த்தைகள் அவரிடம் இருந்தன, அதனால் நானே புதிதாக அமைத்தேன்" என்று இரண்டு வரியில் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் அந்தக் கடிதம் உங்களுக்குச் சாதகமான ஆவணமாக இருக்கும்.

அடுத்தது நிரூபணம். எக்ஸ்சேஞ்சுகள் பொதுவாக இரண்டு வழியில் கேட்கும். ஒரு வழி, அந்த வாலட்டிலிருந்து அவர்கள் சொல்லும் சிறு தொகையைத் திருப்பி அனுப்பச் சொல்வது. உங்கள் வாலட்டோ காலி. அனுப்ப ஈதர் வேண்டும், அனுப்பும் கட்டணத்துக்கும் ஈதர் வேண்டும், அதைத்தான் அவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். இந்தச் சிக்கலில் மாட்டியவர்கள் டெலிகிராமில் முகம் தெரியாத யாரிடமோ கொஞ்சம் ஈதர் வாங்கி வாலட்டில் போடுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வந்த ஈதர் மோசடிப் பணத்தோடு தொடர்புடையதாக இருந்தால், எக்ஸ்சேஞ்சின் சல்லடையில் உங்கள் புது முகவரி முதல் நாளே கறைபட்டுவிடும்.

இன்னொரு வழிதான் உங்களுக்கு ஏற்றது: கையொப்பச் செய்தி. எக்ஸ்சேஞ்ச் ஒரு வாசகம் கொடுக்கும். வாலட்டின் ரகசியச் சாவியால் அதில் கையொப்பமிட்டால், 0x என்று தொடங்கும் ஒரு நீண்ட எழுத்துச்சரம் கிடைக்கும். வாசகம், முகவரி, கையொப்பம் மூன்றையும் வைத்து, சாவியைப் பார்க்காமலே, அந்த முகவரியின் சாவி உங்களிடம் இருக்கிறது என்று யாரும் சரிபார்க்கலாம். கட்டணம் கிடையாது, வாலட் காலியாக இருந்தாலும் நடக்கும். அவர்கள் வாசகம் கொடுக்கவில்லை என்றால் இப்படி ஒன்றை நீங்களே முன்வையுங்கள்:

```
I control this address: 0x...
Account UID: ...
Ticket no: ...
Date: ...
```

டிக்கெட் எண்ணும் தேதியும் முக்கியம். அவை இருந்தால்தான் இந்த விசாரணைக்காகவே போட்ட கையொப்பம் என்று தெரியும், வேறெங்கும் யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் முடியாது. கையொப்பமிடும்போது கருவியின் சின்னத் திரையில் இதே வாசகம் தெரிய வேண்டும். அதற்குப் பதிலாகத் தொகையோ, கட்டணமோ, `Approve`, `Permit` போன்ற சொற்களோ வந்தால் அது செய்தி அல்ல, உங்கள் சொத்தைத் தொடும் அனுமதி. உடனே `Reject` அழுத்துங்கள். எக்ஸ்சேஞ்ச் ஆள் என்று போனில் வந்து 24 வார்த்தைகளைக் கேட்பவன் திருடன், அதில் இரண்டாவது யோசனையே வேண்டாம். உண்மையான கம்ப்ளையன்ஸ் பிரிவுக்கு அந்த வார்த்தைகள் தேவைப்படாது.

இதோடு முடிந்துவிடும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. வாலட் யாருடையது என்பது ஒரு கேள்வி, ஈதர் வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு கேள்வி. கையொப்பம் முதல் கேள்விக்கு மட்டுமே பதில். அவர்கள் அனுப்பும் மெயிலில் `source of funds` என்ற சொல் வந்தால் இரண்டாவது கேள்விக்குப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். அதற்கு எக்ஸ்சேஞ்சுக்குப் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கின் ஸ்டேட்மெண்டும் கடையின் வருமானக் கணக்கும் வேண்டும்.

இங்கே நம் எல்லைப் பக்கத்துக்கென்று ஒரு தலைவலி உண்டு. ஆதார் பாலக்காட்டு விலாசத்தில் இருக்கும், வங்கிக் கணக்கு பொள்ளாச்சியில் இருக்கும். ஒன்றில் இனிஷியல் பெயருக்கு முன்னால், இன்னொன்றில் பின்னால், பான் கார்டில் அதுவே அப்பா பெயராக நீண்டிருக்கும். கணினிக்கு இவர்கள் மூன்று பேர். சித்தூர் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவரின் பால் சங்கப் பாஸ்புக் மலையாளத்தில் இருந்ததால், அதைப் படிக்க ஆளில்லாமல் மூன்று வாரம் ஃபைல் தூங்கியது. உங்களிடமும் மலையாள ஆவணம் இருந்தால் கூடவே ஆங்கில மொழிபெயர்ப்பு வையுங்கள். மூன்று பெயர்களும் ஒருவரே என்று ஒரு நோட்டரி பிரமாணப் பத்திரமும் வையுங்கள், செலவு குறைவு.

வரி பற்றி ஒரு வார்த்தை. உங்கள் கணக்கிலிருந்து உங்கள் வாலட்டுக்குப் போவது விற்பனை அல்ல, உடைமை மாறவில்லை, அதற்கு வரி கிடையாது. சலித்துப்போய் அங்கேயே விற்றுவிட நினைத்தால் கணக்கு வேறு. லாபம் 1,30,000. அதில் 30 சதவீதம் 39,000, அதன் மேல் 4 சதவீத செஸ் 1,560, ஆக 40,560 ரூபாய். விற்கும்போது பிடிக்கும் 1 சதவீத டிடிஎஸ், சுமார் 3,400, இதில் கழிந்துவிடும். அவசரத்துக்கு இது பெரிய விலை.

இவ்வளவும் கொடுத்த பிறகும் அசையவில்லை என்றால்? எல்லாவற்றையும் ஒரே மெயிலில், எக்ஸ்சேஞ்சின் இணையதளத்தில் பெயர் போட்டிருக்கும் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். "இன்னும் என்ன ஆவணம் வேண்டும், எந்த விதியின் கீழ், எத்தனை நாளில் முடிவு" என்று மூன்றே கேள்வி கேளுங்கள். ஒருவேளை உங்களைப் பற்றிச் சந்தேக அறிக்கை அனுப்பியிருந்தால் அதை உங்களிடம் சொல்ல அவர்களுக்குச் சட்டமே தடை போடுகிறது. ஆகவே "ஏன் சந்தேகம்" என்று கேட்டால் பதில் வராது. என்ன வேண்டும் என்று கேட்டால் வரும், வராவிட்டால் அந்த மௌனமே சேவைக் குறைபாட்டுக்குச் சாட்சி. அந்த மெயில் போய் 30 நாள் ஆன பிறகு நோட்டீஸ், அப்புறம் நுகர்வோர் வழக்கு. ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதி நாளைக் கடத்தாதீர்கள், எக்ஸ்சேஞ்ச் அவருடைய வரம்பில் இல்லை.

வழக்கைப் பெங்களூரிலோ மும்பையிலோ போய்ப் போட வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், அதாவது பாலக்காடு மாவட்ட ஆணையத்தில். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புப் பிரிவு இருப்பதைக் காட்டி நுகர்வோர் வழக்கைத் தடுக்க முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்கள் வேறொரு வாதம் வைப்பார்கள்: நீங்கள் நுகர்வோர் அல்ல, லாபத்துக்கு வியாபாரம் செய்தவர் என்று. தினமும் வாங்கி விற்றவருக்கு இது சிக்கல். இரண்டு வருஷமாகச் சேமிப்பாக வாங்கி மட்டும் வைத்தீர்கள் என்பதை உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலே காட்டும், அதை இப்போதே டவுன்லோடு செய்து வையுங்கள்.

கிரிப்டோவை நாணயமாகக் கருதாவிட்டாலும் அது சொத்துதான், ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கக்கூடியதுதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு எக்ஸ்சேஞ்ச் சம்பந்தப்பட்ட வழக்கில் சொன்னது. வேலந்தாவளம் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, வாதத்துக்கு வலு மட்டும் சேர்க்கும். அதையும் மனுவில் சேர்க்கலாம். அதற்கு முன்னால் இன்று ராத்திரி கருவியை ரீசெட் செய்யுங்கள்.