12 டிபிஐ மாட்டியும் வாசலில் சிக்னல் இல்லை

> மொட்டை மாடி வைஃபையில 5 டிபிஐ ஆண்டெனாவை எடுத்துட்டு 12 டிபிஐ குச்சி ஆண்டெனா போட்டேன். தெருக்கோடியில நல்லா வருது, வாசல்ல போச்சு. ஏன்?

ஆண்டெனா சக்தியை உற்பத்தி செய்வதில்லை, திசை மாற்றித்தான் தருகிறது. வாசலுக்கு வந்துகொண்டிருந்த பங்கு இப்போது தொடுவானத்தை நோக்கிப் போகிறது.

டிபிஐ என்பது ஓர் ஒப்பீடு. அதே சக்தியை எல்லாத் திசையிலும் சமமாக வீசும் ஒரு கற்பனை ஆண்டெனாவைவிட, உங்களுடையது தன் உச்சத் திசையில் எத்தனை மடங்கு வீசுகிறது என்பதுதான் கணக்கு:

```
10 × log10(16) ≈ 12
```

12 டிபிஐ என்றால் 16 மடங்கு. 5 டிபிஐ சுமார் 3 மடங்குதான். மொத்த சக்தி மாறாததால், 16 மடங்கு கிடைக்க அது கோளப் பரப்பில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். குச்சி ஆண்டெனா சுற்றிலும் வீசியாக வேண்டும், எனவே மேலும் கீழும்தான் நெருக்க முடியும். பீம் தட்டையாகி, செங்குத்தில் சுமார் 7 டிகிரி ஆகிவிடுகிறது. 10 மீட்டர் உயரத்திலிருந்து அதன் கீழ் விளிம்பு தரையைத் தொடுவது 160 மீட்டர் தள்ளித்தான்.

போனில் வைஃபை அனலைசரை வைத்துக்கொண்டு வாசலிலிருந்து நேராக நடந்து பாருங்கள். தள்ளிப்போகப் போக சிக்னல் ஏறினால் காரணம் இதுவே. பழையதையே மாட்டுங்கள், அல்லது வாசலுக்கு வீட்டுக்குள் தனி ரூட்டர் வையுங்கள்.

ஒன்று கவனியுங்கள்: 2.4 கிகாஹெர்ட்ஸில் உண்மையான 12 டிபிஐ குச்சி ஒரு மீட்டர் அளவுக்கு நீளமிருக்கும். உங்களுடையது ஒரு அடிதான் என்றால் லேபிளை நம்பாதீர்கள். கோளாறு கேபிளிலோ கனெக்டரிலோ இருக்கலாம்.