கச்சான் காலத்தில் சூடேறும் பொலித்தீன் கூடாரம்

கேள்வி: களுவாஞ்சிகுடிப் பக்கம் 50 அடி நீளம், 20 அடி அகலத்தில், இருசரிவுக் கூரையுடன் வடக்குத் தெற்காக ஒரு பொலித்தீன் கூடாரம் போட்டுக் கறிமிளகாய் வைத்திருக்கிறேன். பக்கங்களில் பூச்சிவலை உண்டு. கச்சான் தொடங்கியதிலிருந்து பூக்கள் உதிர்கின்றன. பகல் பதினொரு மணிக்கே உள்ளே நிற்க முடியவில்லை. மின்விசிறிக்கு வசதியில்லை. 75 சதவீதக் கறுப்பு நிழல்வலையை உள்ளே கட்டினால் சரியாகும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா, ஐயா?

பதில்: வாங்க வேண்டாம். உள்ளே கட்டிய வலை, கூரைக்குள் புகுந்துவிட்ட வெயிலை உறிஞ்சித் தானும் சூடாகி, அந்தச் சூட்டைச் செடியின் தலைக்கு மேலேயே விடுவதோடு, மேலெழும் காற்றையும் மறிக்கும். 75 சதவீத நிழலில் செடி நெட்டையாக வளர்ந்து காய்ப்புக் குறையும். விற்பவருக்கு ஒரு சுருள் வலை விலைபோனால் போதும்; அவர் பேச்சை நம்பிப் பயிர் செய்யாதீர்கள். கட்டுவதானால் 30 முதல் 50 சதவீத வெள்ளை வலையைக் கூரைக்கு வெளியே, பொலித்தீனிலிருந்து ஓர் அடியாவது உயர்த்தி, கயிற்றால் இழுத்து மூடித் திறக்கும்படி கட்டுங்கள். காலை பத்து முதல் பிற்பகல் மூன்று மணி வரை மூடினால் போதும்.

ஆனால் வலைக்கு முன் கேட்க வேண்டியது, சூடேறிய காற்று எந்த வழியாக வெளியேறுகிறது என்பதுதான். முகட்டைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. நண்பகலில் கூடாரத்தின் நடுவில் ஊதுபத்தியைக் கொளுத்திப் பாருங்கள்: புகை மேலேறி முகட்டின் கீழே படர்ந்து தேங்கினால், பக்கங்களை மட்டும் திறந்து பெரிய பயன் இல்லை.

மேற்குச் சரிவைக் கிழக்குச் சரிவைவிட 3 அடி உயர்த்தி, அதன் மேல் ஒன்றரை அடி நீட்டிவிட்டால், 50 அடி நீளத்துக்கும் கிழக்கு நோக்கிய ஒரு திறப்புக் கிடைக்கும். மேற்கிலிருந்து வரும் கச்சான் உயர்ந்த சரிவின் மேலாகக் கடக்கும்போது, அதன் மறைவில் அழுத்தம் குறைந்து உள்ளிருக்கும் சூடு வெளியே இழுபடும். திறப்பை மேற்கே வைத்தால், புழுதிக் காற்று நேரே புகுந்து பொலித்தீனைத் தூக்கிக் கிழிக்கும். இந்த 150 சதுர அடி, தரையின் 15 சதவீதம். பூச்சிவலை போட்டால் காற்றோட்டம் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பதால் இதைக் குறைக்கவே கூடாது. பக்கங்களை 4 அடி உயரத்துக்குத் திறவுங்கள். வெள்ளை ஈக்காகப் போட்ட நுண்வலையை அகற்றாமல், புழுதி அதன் கண்களை அடைக்காதபடி வாரம் ஒருமுறை உள்ளிருந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

இவற்றால் உள்வெப்பம் வெளிவெப்பத்தை நெருங்குமே தவிர, அதற்குக் கீழே பெரிதாக இறங்காது. வெளியே நிழலில் ஒன்றும், உள்ளே செடியின் உயரத்தில் வெயில் படாமல் ஒன்றுமாக இரண்டு வெப்பமானிகளைத் தொங்கவிடுங்கள். நண்பகலில் வேறுபாடு 3 பாகைக்குள் நின்றால் திறப்புப் போதும். 5 பாகையைத் தாண்டினால் பக்கங்களை இன்னும் உயர்த்தித் திறக்க வேண்டும். வெளியே 35 பாகை எரிக்கும் நாட்களில் பூ எப்படியும் உதிரும் என்பதால், அடுத்த முறை பூக்கும் பருவம் கச்சானுக்குள் வராதபடி நாற்று நடுங்கள். வாடைக்காற்று மழையைக் கிழக்குத் திறப்புக்குள்ளேயே அடிக்கும். அதற்குச் சுருட்டி இறக்கும் பொலித்தீன் திரையொன்றைக் கூரை வேலையோடு சேர்த்தே பொருத்திவிடுங்கள்.