நாக்கை அழுத்தினால் தாடை கூர்மையாகுமா?

"எனக்கு 16 வயது. ஆறு மாதமாக மியூவிங் செய்கிறேன். வாயை மூடி, பற்களைச் சேர்த்து, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தியே வைத்திருக்கிறேன். பழைய போட்டோவோடு பார்த்தால் தாடை கூர்மையாகத் தெரிகிறது. என் 27 வயது அண்ணனும் தொடங்கிவிட்டான். ஆனால் மாலையானால் காதுக்கு முன்னால் வலிக்கிறது. தொடரலாமா?"
- வாசகர், திருச்சி

அன்புள்ள தம்பி,

பற்களைச் சேர்த்து வைப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மற்ற நேரங்களில் மேல்பற்களுக்கும் கீழ்ப்பற்களுக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதுதான் இயல்பு. அப்போதுதான் மெல்லும் தசைகள் ஓய்வெடுக்கும். நாள் முழுவதும் பற்கள் சேர்ந்தே இருந்தால் அந்தத் தசைகளும் காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டும் களைத்துப்போகும், மாலையில் வரும் வலிக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று வாரங்களில் வலி குறையாவிட்டாலோ, வாயைத் திறக்கும்போது தாடை பிடித்துக்கொண்டாலோ, பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

போட்டோவில் தெரியும் மாற்றத்தை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கேமராவை ஓரிடத்தில் அசையாமல் வைத்து, பக்கவாட்டில் நின்று, நாக்கைத் தளர விட்டு ஒரு படமும், அதே நிமிடத்தில் நாக்கை மேலே அழுத்தி இன்னொரு படமும் எடுங்கள். இரண்டாவதில் மோவாய்க்குக் கீழே உள்ள சதை மேலேறி, தாடைக்கோடு துல்லியமாகத் தெரியும். வாயின் அடித்தளத் தசை இறுகுவதால் வரும் தோற்றம் இது. நாக்கைத் தளர்த்தியதும் மறைந்துவிடும். எலும்பு அந்த ஒரு நிமிடத்தில் மாறியிருக்க முடியாது அல்லவா? இணையத்தில் வரும் 'முன்பு, பின்பு' படங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். உங்கள் படங்களில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடை 18 வயதை ஒட்டியும் வளர்ந்துகொண்டிருக்கும் என்பதால், எதுவுமே செய்யாத உங்கள் வகுப்புத் தோழர்களின் முகமும் இந்த ஆறு மாதத்தில் கொஞ்சம் மாறியிருக்கும்.

அண்ணனின் கதை வேறு. மேலண்ணம் இடது வலது எலும்புகள் நடுவில் ஒரு பொருத்துக்கோட்டில் சேர்ந்து உருவானது. சிறுவர்களுக்கு அண்ணம் குறுகலாக இருந்தால், கடைவாய்ப் பற்களில் திருகு வைத்த கருவியைப் பொருத்தி, ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர் வீதம் அந்தக் கோட்டை விரிக்கிறோம். அந்தக் கருவி கிலோ கணக்கில் விசை கொடுக்கிறது. பதின்பருவம் கடக்கக் கடக்கக் கோட்டின் விளிம்புகள் ஒன்றோடொன்று கோத்து இறுகிவிடுவதால், 27 வயதில் அந்தக் கருவியே பெரும்பாலும் போதாது. எலும்பிலேயே சிறு திருகுகளைப் பதிக்கவோ அறுவை சிகிச்சை செய்யவோ நேரிடும். அவ்வளவு விசைக்கும் அசையாத எலும்பை நாக்கு அசைத்துவிடும் என்று நம்ப எனக்குக் காரணம் ஏதும் தெரியவில்லை.

ஆனால் எலும்பு நகராது என்பதால் பற்களும் நகராது என்று எண்ணிவிட வேண்டாம். பற்கள் மிக மெல்லிய விசைக்கும் அசையும், அது மணிக்கணக்கில் தொடர்ந்தால் போதும். கிளிப் வேலை செய்வதே இப்படித்தான். 'மனம்' என்று சொல்லும்போது னகரத்துக்கு நாக்கு நுனி தொடும் இடம் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் உள்ள மேடு. நாக்கு அங்கே அழுத்தமின்றி ஓய்ந்திருந்தால் தவறில்லை, பலருக்கு அதுவே இயல்பான நிலை. முயன்று அழுத்தும்போது நுனி வழுக்கி முன்பற்களின் பின்புறத்தில் போய் முட்டினால்தான் சிக்கல். மாதக்கணக்கில் அது தொடர்ந்தால் பற்களிடையே சந்து விழலாம், முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் போகலாம். ஒரு துண்டுத் தாளை முன்பற்களால் கடித்து இழுத்துப் பாருங்கள். முன்பு பிடித்துக்கொண்ட இடத்தில் இப்போது தாள் நழுவி வந்தால், பல் சீரமைப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இந்தப் பழக்கத்தின் பெயர் பிரிட்டனின் ஜான் மியூ, அவர் மகன் மைக் மியூ ஆகிய பல் மருத்துவர்களிடமிருந்து வந்தது. இளம் குழந்தைகளுக்கு மைக் மியூ அளித்த சிகிச்சையை விசாரித்த அந்நாட்டுப் பல் மருத்துவக் கவுன்சிலின் குழு, அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க 2024-இல் முடிவெடுத்தது. தாடைக்கோட்டை மியூவிங் செதுக்கும் என்பதற்கான அறிவியல் ஆதாரம் மிக மெலிது என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கமும் கூறியிருக்கிறது.

நாக்கின் இடம் முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மூக்கு அடைத்து, வாயால் மூச்சு விடும் ஐந்தாறு வயதுக் குழந்தையின் நாக்கு கீழேயே கிடக்கும். அப்படிப்பட்ட சில குழந்தைகளுக்கு மேலண்ணம் குறுகி முகம் நீண்டு வளர்வதைப் பார்க்கிறோம். அங்கே கவனிக்க வேண்டியது மூக்கின் பின்னால் வீங்கிய அடினாய்டையோ ஒவ்வாமையையோதான், நாக்குப் பயிற்சி அதற்குப் பிறகு. உங்களுக்கும் வாயை மூடினால் மூச்சுத் திணறுகிறதா, தூங்கும்போது குறட்டை வருகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். ஆம் என்றால் முதலில் போக வேண்டியது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம்.