வரிசையாகச் சொல்லும் குழந்தைக்கு உயிர்மெய் அட்டவணையைக் கற்பிப்பது எப்படி?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் நன்றாகத் தெரியும். ‘க, கா, கி, கீ’ என்று உயிர்மெய் அட்டவணை முழுவதையும் பார்க்காமலே சொல்லிவிடுகிறாள். ஆனால் நடுவில் ‘மீ’யைத் தொட்டுக் காட்டினால் ‘ம, மா, மி’ என்று தொடங்கித்தான் அந்த எழுத்துக்கு வந்து சேருகிறாள். ‘து’, ‘டு’ போன்றவற்றில் தடுமாறுகிறாள். அட்டவணையை இன்னும் எத்தனை நாள் சொல்லவைக்க வேண்டும்?

பதில்: சொல்லவைப்பதை இப்போதே நிறுத்திவிடலாம். உங்கள் மகள் மனப்பாடம் செய்திருப்பது பன்னிரண்டு ஒலிகளின் வரிசையை. மெய் மாறினாலும் அந்த வரிசையின் இசை மாறுவதில்லை என்பதால், ஒரு வரிசை தெரிந்துவிட்டால் பதினெட்டு வரிசைகளையும் எழுத்தைப் பார்க்காமலே சொல்லிவிட முடியும். அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் இடப்பக்கத்து மெய்யும் மேற்பக்கத்து உயிரும் சந்திக்கின்றன என்பதை அவள் இன்னும் உணரவில்லை. அதை உணர்ந்த குழந்தைக்கு 216 எழுத்துகளையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. பதினெட்டு மெய்களும் பன்னிரண்டு உயிர்களும், உயிரைக் காட்டும் குறிகளும் போதும். விதிவிலக்காக வரும் சில வடிவங்களை மட்டும் தனியாகப் பழக வேண்டும்.

அவள் அதை உணராததற்கு மிகப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். மெய்யெழுத்துகளை நாம் ‘இக்’, ‘இங்’, ‘இச்’ என்று முன்னால் ஓர் இகரம் சேர்த்தே கற்பிக்கிறோம். தனி மெய்யை ஒலிக்க ஓர் உயிரின் துணை வேண்டும் என்பதால் அந்தப் பழக்கம் ஏற்பட்டது. பெயர் சொல்வதற்கு அது பொருத்தமானதே. ஆனால் குழந்தையிடம் ‘இம்’மும் ‘ஆ’வும் சேர்ந்தால் என்ன என்று கேட்டுப் பாருங்கள்; ‘இம்மா’ என்பாள். அவள் செய்த கூட்டலில் பிழை இல்லை, நாம் கொடுத்த பெயரில்தான் ஓர் ‘இ’ கூடுதலாக ஒட்டியிருக்கிறது. ஆகவே சேர்த்துப் படிக்கும் பயிற்சியில் மட்டும் மெய்யின் பெயரை விட்டுவிட்டு அதன் ஒலியைக் கொடுக்க வேண்டும்.

எல்லா மெய்களின் ஒலியையும் இழுத்துச் சொல்ல முடியாது. க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்களைத் தனியே சொல்ல முயன்றால் ‘க’ என்றோ ‘கு’ என்றோ ஓர் உயிர் தானாக ஒட்டிக்கொள்கிறது. ம், ல், வ், ய் போன்றவற்றை ‘ம்ம்ம்’, ‘ல்ல்ல்’ என்று மூச்சுள்ளவரை நீட்டலாம். நீட்டிக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்து ‘ஆ’ என்றால் ‘மா’ பிறப்பதைக் குழந்தை தன் வாயிலேயே உணர்கிறாள். அச்சிட்ட அட்டவணைகள் அனைத்தும் ககர வரிசையில் தொடங்குகின்றன. அகரவரிசைக்கு அதுவே சரி. சேர்க்கும் முறையைக் கற்பிக்க அதுதான் மிகக் கடினமான தொடக்கம் என்பது என் கருத்து.

எனவே சுவரில் உள்ள அட்டவணையைச் சில வாரங்கள் மறந்துவிட்டு, ஒரு தாளில் சிறிய வெற்று அட்டவணை ஒன்றை வரையுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ம், ல், வ், ய் என்ற நான்கு மெய்கள். மேற்பக்கம் அ, ஆ, இ என்ற மூன்று உயிர்கள். உள்ளே பன்னிரண்டு கட்டங்களும் காலியாக இருக்கட்டும். மகளின் இடக்கை விரலை ‘ம்’ மீதும் வலக்கை விரலை ‘ஆ’ மீதும் வைக்கச் சொல்லுங்கள். இடக்கை விரல் வலப்பக்கம் நகரும்போது ‘ம்ம்ம்’ என்று நீட்ட வேண்டும். வலக்கை விரல் கீழே இறங்கி வந்து அதைத் தொடும் கணத்தில் ‘ஆ’ என்று வாயைத் திறக்க வேண்டும். விரல்கள் சந்தித்த கட்டத்தில் அவளே ‘மா’ என்று எழுதட்டும். அச்சிட்ட எழுத்தைப் பார்த்துச் சொல்வதைவிட வெற்றுக் கட்டத்தைத் தானே நிரப்புவதில்தான் இந்தக் கற்றல் நடக்கிறது.

நிரப்பும்போது வரிசையாகப் போக விடாதீர்கள். ‘மா’வுக்குப் பிறகு ‘லா’, ‘வா’, ‘யா’ என்று மேலிருந்து கீழே இறங்குங்கள். ம, மா, மி என்று பக்கவாட்டில் நகர்ந்தால் பழைய இசை உடனே திரும்பிவிடும். கீழ்நோக்கி நகரும்போது உயிர் மாறாமல் நிற்பதால், எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் கால்தான் ‘ஆ’வின் அடையாளம் என்பது கண்ணுக்குத் தானே தெரியும். அகரப் பத்தியில் மட்டும் கூடுதல் குறி ஏதும் இல்லை, மெய்யின் மேலிருந்த புள்ளி போய்விடுகிறது. ‘அ வந்ததும் புள்ளி போய்விட்டது’ என்று ஒருமுறை அழித்துக் காட்டுவது நல்லது. இல்லையென்றால் ‘ம’வுக்கும் ‘ம்’முக்கும் உள்ள வேறுபாடு பல மாதங்கள் குழப்பும்.

பன்னிரண்டு கட்டங்களும் நிரம்பியவுடன், அந்த எழுத்துகளையும் நான்கு மெய்களையும் மட்டும் கொண்டு வால், வாய், வலி, வயல், மயில் ஆகிய சொற்களை எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு ‘லிமா’, ‘யாவி’, ‘விலா’ என்று அவள் கேட்டிராத சேர்க்கைகளையும் கொடுங்கள். அறிந்த சொல்லை ஊகித்துச் சொல்லிவிடலாம். ‘லிமா’வை ஊகிக்க முடியாது. இவற்றைத் தயக்கமின்றிப் படித்தால் சேர்க்கும் முறை பிடிபட்டுவிட்டது என்று கொள்ளலாம். ‘ல, லா, லி’ என்று உதடு முணுமுணுத்தால் இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். அப்போது கட்டங்களைப் பெருக்காமல் இதே பன்னிரண்டில் நில்லுங்கள்.

பிடிபட்டபின் வல்லின மெய்களைக் கொண்டுவரலாம். ‘ப்’பை நீட்ட முடியாது என்பதால் உதடுகளை மூடி ஒலி எழுப்பாமல் காத்திருந்து, ‘ஆ’ என்று திறக்கச் சொல்லுங்கள். ‘த்’துக்கு நாக்கு நுனியைப் பல்லில் வைத்துத் திறக்க வேண்டும். அகர, ஆகாரப் பத்திகளை முடித்தாலே மரம், படம், பழம், பால், நாய், காகம் எல்லாம் படிக்கக் கிடைத்துவிடும். ‘காகம்’ என்பதில் இரண்டாவது ககரம் மெலிந்து ஒலிப்பதை விளக்க வேண்டியதில்லை, தமிழ் பேசும் குழந்தை சொல்லை அறிந்தவுடன் ஒலியைத் தானே சரிசெய்துகொள்ளும். கால் குறியை ‘ர’ என்று படிக்கிறாளா என்பதை மட்டும் கவனியுங்கள். ‘பால்’ என்பதைப் ‘பரல்’ என்று படித்தால் அதுவே காரணம். ‘ர’வின் அடியில் ஒரு சாய்கோடு உண்டு, காலுக்கு இல்லை என்று இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள்.

இ, ஈ பத்திகள் எளியவை. டி, டீ இரண்டில் மட்டும் குறி சேரும் விதம் சற்று மாறுபடும். அடுத்து எ, ஏ, ஐ பத்திகளுக்குச் செல்லுங்கள். இங்கே ஒலிப்பதில் மெய் முன்னும் உயிர் பின்னும் வர, எழுத்தில் கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கிறது. ‘மெ’வைப் பார்த்த குழந்தை ‘எம’ என்று படிப்பது இதனால்தான். ‘கொம்பைக் கண்டால் அடுத்த எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்’ என்ற ஒரே விதியைப் பழக்குங்கள். ஒ, ஓ பத்திகளில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக இரண்டு குறிகள் வருவதால் ஒன்று விடுபடுவது வழக்கம். மெ, மா, மொ மூன்றையும் கலந்து சொல்லி எழுதச் சொன்னால் எது விடுபடுகிறது என்பது உடனே தெரிந்துவிடும். வீட்டுப் பெரியவர்கள் எழுதும்போது ணா, றா, னா, லை போன்றவை வேறு வடிவில் வந்தால் அவற்றைப் பிழை என்று சொல்லிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 1978-இல் அரசாணையால் மாற்றப்பட்ட பழைய வடிவங்கள் அவை. குழந்தைக்கு இன்றைய வடிவம் மட்டும் போதும்.

இனி நீங்கள் கேட்ட ‘து’, ‘டு’. மற்ற பத்திகளில் ஓர் உயிருக்கு ஒரே குறி. உகரத்திலும் ஊகாரத்திலும் மட்டும் மெய்க்கு மெய் வடிவம் மாறுகிறது. இந்த இரண்டு பத்திகளையும் கடைசிக்கு ஒதுக்கிவிட எனக்கும் விருப்பம்தான், ஆனால் தமிழில் ஏராளமான சொற்கள் உகரத்தில் முடிவதால் அதிக நாள் ஒதுக்க முடியாது. எ, ஏ, ஐ முடிந்தவுடன் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணை வரிசையில் கற்பித்தால் ஒவ்வொரு கட்டமும் புதுப் புதிராகத் தோன்றும்; வடிவத்தைக் கொண்டு பிரித்தால் மூன்றே குழுக்கள்தான்.

முதற்குழுவில் ஙு, சு, பு, யு, வு ஆகிய ஐந்தும் உள்ளன. எழுத்தின் முடிவிலிருந்து ஒரு கோடு நேராகக் கீழே இறங்குகிறது. இரண்டாவதில் கு, டு, மு, ரு, ழு, ளு ஆகிய ஆறு. அந்தக் கோடு நேராக இறங்காமல் எழுத்தைச் சுற்றி வளைகிறது. மூன்றாவதில் ஞு, ணு, து, நு, லு, று, னு ஆகிய ஏழு. கோடு அடியில் வளைந்து வலப்பக்கமாக மேலே ஏறி நிற்கிறது. ‘டு’ இரண்டாம் குழுவிலும் ‘து’ மூன்றாம் குழுவிலும் இருக்கின்றன. ஒலியில் நெருங்கிய இரண்டையும் ஒரே நாளில் காட்டியதால் குழப்பம் வந்திருக்கக்கூடும். சில நாள்கள் ‘டு, மு, ளு’ மட்டும், பிறகு சில நாள்கள் ‘து, நு, லு’ மட்டும் என்று பிரித்து எழுதவையுங்கள். விரலால் காற்றிலோ மேசையிலோ பெரிதாக எழுதுவது இங்கே உண்மையிலேயே உதவும், ஏனெனில் கோடு கடைசியில் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் வேறுபாடு.

ஊகாரத்தில் மூன்றாம் குழுதான் மிக எளிது: து, நு, லு ஆகியவற்றோடு ஒரு காலைச் சேர்த்தால் தூ, நூ, லூ. அந்தக் காலைக் கண்டு ‘தூ’வைத் ‘தா’ என்று படிக்கும் குழந்தைகள் உண்டு. ‘து’வை முதலில் காட்டி, காலைப் பின்னர் ஒட்டினால் தெளிவாகும். மற்ற இரு குழுக்களிலும் உகரக் கோடே மேலும் வளைகிறது அல்லது சுழிகிறது. கூ, சூ இரண்டும் தத்தம் குழுவோடு முழுதும் ஒத்துப்போகாதவை, அவற்றைத் தனி எழுத்துகளாகவே பழக்கிவிடுங்கள்.

ஔகாரப் பத்தியைக் கடைசிக்கு வையுங்கள். அதன் பின்குறி ‘ள’ போலவே இருப்பதால் ‘வௌவால்’ என்பதை ‘வெளவால்’ என்று படிப்பது இயல்பு; சொல்லின் பொருளைக் கொண்டுதான் பிரித்தறிய முடியும். ஙகர வரிசையை நிரப்பவே வேண்டாம். ‘ங்’ அன்றாடம் வரும். உயிர்மெய்யில் ‘ங’ மட்டுமே ‘அங்ஙனம்’ போன்ற சில சொற்களில் வரும், மற்றவற்றுக்கு இந்த வயதில் படிக்க ஒரு சொல்லும் கிடைக்காது. ட, ண, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. எனவே கட்டத்துக்கு ஒரு படம் ஒட்ட விரும்பினால் அவற்றுக்கு முதலெழுத்துச் சொல்லைத் தேடாமல் வீடு, கண்ணாடி, கிணறு என்று எழுத்து நடுவிலோ கடைசியிலோ வரும் சொற்களை எடுத்து, அந்த எழுத்தை மட்டும் வேறு நிறத்தில் எழுதுங்கள்.