ரிப்போர்ட் கார்டில் டீச்சர் எழுதியதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கேள்வி: அக்கா பையனின் ரிப்போர்ட் கார்டை ஊரில் இருக்கும் அப்பாவுக்குத் தமிழில் எழுதித் தரணும். அப்படியே எழுதினால் திட்டுற மாதிரி இருக்கு. என்ன செய்யலாம்?

பெயர்ச்சொல்லை வினையாக்குங்கள், பாதி காரம் குறைந்துவிடும். மன்னார்குடியில் பக்கத்து வீட்டுப் பையனுக்கு 'டாக்கேட்டிவ், ஈஸிலி டிஸ்ட்ராக்டட், கேப்பபிள் ஆஃப் மச் மோர்' என்று வந்திருந்தது. நான் 'வாயாடி, கவனமில்லாதவன்' என்று எழுதிக் கொடுத்தேன். தாத்தா பிரம்பைத் தேடினார். டீச்சர் சொன்னது பையன் வகுப்பில் நடந்துகொள்வதை. என் தமிழோ அதை அவன் பிறவிக் குணமாக்கிவிட்டது. பிறகு 'வகுப்பில் அதிகம் பேசுகிறான், கவனம் சட்டென்று சிதறிவிடுகிறது' என்று மாற்றினேன். செய்தி அதேதான், முத்திரை மட்டும் போய்விட்டது.

'கேப்பபிள் ஆஃப் மச் மோர்' என்ற கடைசித் துண்டில்தான் கவனம் வேண்டும். அது பாராட்டு மாதிரி தெரியும், உண்மையில் குறைதான். 'மிகுந்த திறமைசாலி' என்று எழுதினால் தாத்தா தெருவுக்கே மிட்டாய் கொடுத்துவிடுவார். 'திறமை இருக்கிறது, உழைப்புதான் போதவில்லை' என்பதே சரி.

வேறு பள்ளியில் சேர்க்கக் கொடுக்கும் மொழிபெயர்ப்பு என்றால் இந்த விளக்கமெல்லாம் கூடாது. 'இன்னும் அதிகம் செய்யக்கூடியவர்' என்று மூலத்தில் உள்ள அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.