ஒரே மேசை, நான்கு கோட்பாடுகள்

*மதிப்பிற்குரிய ஐயா, எம்.பி.ஏ. மாதிரித் தேர்வில் ஊக்குவிப்புக் கோட்பாடுகளை அட்டவணையாக்கி, ஒவ்வொன்றுக்கும் பணியிட எடுத்துக்காட்டும் எழுதினேன். 15க்கு 6 மதிப்பெண்தான் கிடைத்தது. "ஒப்பீடு இல்லை" என்று குறித்திருக்கிறார்கள். அட்டவணையை அனுப்பியுள்ளேன். எங்கே தவறினேன்?*
*– ஒரு மாணவி, தக்கலை*

அன்புள்ள மாணவிக்கு,

மாஸ்லோவுக்கு மருத்துவமனை, ஹெர்ஸ்பெர்க்குக்கு வங்கி, வ்ரூமுக்கு மென்பொருள் நிறுவனம் என்று வரிசைதோறும் இடத்தை மாற்றியிருக்கிறீர்கள். இடமும் சிக்கலும் மாறிக்கொண்டே போனால் எதை எதோடு ஒப்பிடுவது? ஒரே நிகழ்வை நான்கு பேரிடமும் கொடுத்துக் காரணம் கேட்க வேண்டும்.

மார்த்தாண்டத்துக்கு அருகே ஓர் அண்டியாபீஸில், அதாவது முந்திரிப்பருப்பு ஆலையில், நான் சில காலம் கணக்கு எழுதினேன். பீலிங் பிரிவுப் பெண்களுக்கு, உடையாத முழுப்பருப்புக்குக் கிலோ கணக்கில் கூடுதல் தொகை அறிவித்தார்கள். ஒரு மாதமாகியும் முழுப்பருப்பு கூடவில்லை. போர்மா என்ற உலர்த்தறையில் சரியாக உலராத பருப்பில் தொலி ஒட்டிக்கொண்டிருக்கும், கத்தியால் சுரண்டினால் பருப்பு இரண்டாகிவிடும். அப்படிப்பட்ட தட்டே ஒரு மேசைக்குத் தொடர்ந்து வந்தது. பக்கத்து மேசைக்கு நன்கு உலர்ந்தது போயிற்று.

| கோட்பாடு | தொகை பலிக்காததற்குக் காரணம் |
|---|---|
| மாஸ்லோ (1943) | ஈரத் தட்டு வரும் மேசைப் பெண் எந்தத் தேவைப் படியில் நிற்கிறாள் என்று பார்க்கவில்லை |
| ஹெர்ஸ்பெர்க் (1959) | கூலி அதிருப்தியைக் குறைக்கும். வேலையில் ஈடுபாட்டைத் தராது |
| ஆடம்ஸ் (1963) | அதே உழைப்புக்குப் பக்கத்து மேசை அதிகம் பெறுகிறது |
| வ்ரூம் (1964) | முயன்றாலும் முழுப்பருப்பு வராது என்று அவளுக்குத் தெரியும் |

இந்த நிகழ்வுக்கு வ்ரூமே நெருக்கமாக வருகிறார் என்பது என் கருத்து. முயன்றால் முழுப்பருப்பு வரும் என்ற நம்பிக்கை, வந்தால் தொகை கிடைக்கும் என்ற நம்பிக்கை, அத்தொகைக்கு அவள் தரும் மதிப்பு ஆகிய மூன்றையும் அவர் பெருக்குகிறார். எடுத்துக்காட்டுக்கு நாமே எண்களை வைத்துக்கொண்டால், ஈரத் தட்டுக்கு 0.2 × 0.9 × 0.8 = 0.144; உலர்ந்த தட்டுக்கு 0.8 × 0.9 × 0.8 = 0.576. தொகையில் ஒரு பைசாவும் கூட்டாமல் போர்மாவைச் சரிசெய்ததாலேயே ஊக்கம் நான்கு மடங்காகிறது. கூட்டல் என்று எழுதிவிடாதீர்கள். பெருக்கல் என்பதால்தான் மூன்றில் ஒன்று பூச்சியமானாலும் மொத்தமும் பூச்சியமாகிறது.

ஆடம்ஸை இங்கே வ்ரூமிடமிருந்து பிரித்துக் காட்டுவது எளிது. ஈரத் தட்டு எல்லா மேசைக்கும் வந்திருந்தால் ஆடம்ஸின் காரணம் மறைந்துவிடும், வ்ரூமின் காரணம் அப்படியே நிற்கும். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் திருத்துபவர் ஒப்பீடு என்று தேடுகிறார்.

ஹெர்ஸ்பெர்க் வரிசையில் நீங்கள் போனஸை ஊக்கக் காரணியாக எழுதியிருப்பது பிழை. அவர் ஊதியத்தைச் சூழல் காரணிகளில் வைத்தார். ஆனால் அவர் பேட்டி கண்டது பிட்ஸ்பர்க் பகுதிப் பொறியாளர்களையும் கணக்காளர்களையும். கிலோவுக்குக் கூலி வாங்கும் தொழிலாளிக்கு அந்த முடிவு அப்படியே பொருந்துமா என்ற ஐயத்தை 'வரம்பு' என்று மூன்றாவது நெடுவரிசை சேர்த்து அங்கே எழுதுங்கள்.